தெரிந்தவர் எடுத்த நேர்காணலும் அதற்குப் பின் அனுப்பும் நன்றி மடலும்

நேர்காணல் முடிந்த பிறகு, அதை நடத்தியவருக்கு விண்ணப்பதாரர் அனுப்பும் சிறு மின்னஞ்சலே நன்றி மடல். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேசியவற்றில் ஒரு விஷயத்தைப் பற்றிய குறிப்பு, வேலையில் ஆர்வம் தொடர்கிறது என்ற தகவல் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனங்களில் இது கட்டாய வழக்கமில்லை. அனுப்பாதவரை யாரும் குறைவாக எடைபோடுவதில்லை. அனுப்பியதாலேயே வேலை கிடைப்பதும் அபூர்வம். முன்பின் தெரியாத மேலாளருக்கு எழுதும்போது இது பத்து நிமிட வேலை. ஆளெடுக்கும் மேலாளர் அப்பாவின் நண்பராகவோ, பழைய அடுத்த வீட்டுக்காரராகவோ இருந்தால்தான் சிக்கல். 'சார்' என்று தொடங்குவதா, 'மாமா' என்று தொடங்குவதா என்று முதல் சொல்லிலேயே கை நின்றுவிடும்.

அவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருப்பதுதான் இதற்குக் காரணம். வீட்டு விசேஷத்தில் அவர் குடும்பத்து மனிதர். அலுவலகத்தில் அவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று மேலிடத்துக்கும் மனிதவளப் பிரிவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். நன்றி மடல் இந்த இரண்டாவது மனிதருக்குப் போவது. அவர் மட்டும் படிப்பார் என்பதற்கும் உறுதியில்லை. நேர்காணல் தொடர்பாக வரும் மடல்களை மேலாளர்கள் மனிதவளப் பிரிவுக்கு ஃபார்வர்டு செய்வது சாதாரணம். அங்கே அது விண்ணப்பதாரரின் கோப்பில் சேரும். மேலாளரையும் தெரியாத, விண்ணப்பதாரரின் குடும்பத்தையும் தெரியாத ஒருவர் அதைப் படிக்கும்போது, இருவருக்கும் பழக்கம் உண்டு என்பதை எந்த வரியிலிருந்தும் ஊகிக்க முடியக் கூடாது. இந்த ஒரு சோதனையில் தேறும் மடலுக்கு வேறு சோதனை பெரும்பாலும் தேவைப்படாது.

பழக்கத்தை மடலில் சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. மறைத்தால் பின்னால் இருவருக்குமே கேடு. பல நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் 'இங்கே பணிபுரியும் உறவினர்கள் அல்லது தெரிந்தவர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உண்மையை எழுதிவிட வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் வரையறைப்படி உறவினர் என்பது கணவன், மனைவி, கூட்டுக் குடும்ப உறுப்பினர், பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர் என்ற வட்டத்துக்குள் முடிந்துவிடும். அப்பாவின் நண்பர் அதில் வரமாட்டார். 'அவர் எனக்கு உறவினர் இல்லையே' என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு இந்தச் சட்டத்தைச் சிலர் காரணம் காட்டுவதுண்டு. அந்தச் சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம், நிறுவனத்துக்கு அது போதாது. பெரிய நிறுவனங்களின் நடத்தை விதிகள் ரத்த உறவோடு நிற்பதில்லை, நெருங்கிய பழக்கத்தையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. டாடா குழுமத்தின் நடத்தை விதிகளில் சொந்த நலன் குறுக்கிடும் சூழல்களைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அத்தகைய நிலையில் இருக்கும் ஊழியர் அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால், நேர்காணல் அழைப்பு வந்த உடனே மனிதவளப் பிரிவுக்கு ஒரு வரி எழுதலாம்: 'கொள்முதல் மேலாளர் என் தந்தையின் நீண்டகால நண்பர் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.' அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இதைப் படித்துவிட்டு நிறுவனம் குழுவில் இன்னொருவரைச் சேர்க்கலாம், மேலாளரை மதிப்பெண் போடுவதிலிருந்து விலக்கலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். எதுவாக இருந்தாலும் விண்ணப்பதாரர் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. பழக்கம் இப்படி ஒருமுறை பதிவான பிறகு, நன்றி மடலில் அதற்கு வேலையில்லை.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கொள்முதல் பிரிவில் துணை மேலாளர் பணியிடம் காலியாகிறது. வேறொரு தொழிற்சாலையில் 4 ஆண்டுகள் பர்ச்சேஸில் வேலை பார்த்த 27 வயதுப் பெண் விண்ணப்பிக்கிறார். ஆளெடுக்கும் கொள்முதல் மேலாளரும் அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பெண்ணின் அக்கா திருமணத்துக்கு மேலாளர் குடும்பத்தோடு வந்திருக்கிறார். சிறுவயதிலிருந்தே அவள் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். படிவத்தில் பழக்கத்தைக் குறித்துவிட்டாள். புதன்கிழமை காலை 11 மணிக்கு நேர்காணல். எதிரே மேலாளர், மனிதவளப் பிரிவு அலுவலர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் என மூன்று பேர். முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள்.

பேச்சில் இரண்டு விஷயங்கள் முக்கியமாக வந்தன. பம்பு பாடிக்கான வார்ப்புகள் ஒரே பவுண்டரியிலிருந்து வருகின்றன, அங்கே ரிஜெக்‌ஷன் கூடினால் இங்கே அசெம்பிளி நின்றுவிடுகிறது என்று மேலாளர் சொன்னார். தன் இப்போதைய நிறுவனத்தில் ஆர்டரை இரண்டு சப்ளையர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததை அவள் விளக்கினாள். அடுத்து கணக்குப் பிரிவுக்காரர், சிறு பவுண்டரிகளுக்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று கேட்டார். அவள் '45 நாள்' என்றாள். அது பாதி விடை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன் 15-ஆவது பிரிவுப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள்தான். வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்கு இது நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று மாலை அவள் கைபேசியில் முதலில் தட்டியது இது:

'மாமா, வணக்கம். இன்னைக்கு உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். அப்பாவும் அம்மாவும் விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க. எதிர்ல நீங்க இருந்ததால எனக்குப் பயமே தெரியலை. அக்கவுண்ட்ஸ் சார் கேட்ட கேள்விக்கு மட்டும் சரியா சொல்லலைன்னு நினைக்கிறேன், நீங்க கொஞ்சம் பார்த்துக்கங்க. இந்த வேலை கிடைச்சா எங்க குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கும். அத்தையைக் கேட்டதா சொல்லுங்க.'

அன்போடு எழுதியதுதான். வீட்டுக்குள் பேசும்போது இதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் இதே செய்தி மனிதவளப் பிரிவின் கோப்பில் இருந்தால் எப்படிப் படிக்கப்படும் என்று பார்க்க வேண்டும். 'மாமா' என்ற சொல்லைப் பார்த்ததும் படிப்பவர், இது நேர்காணலா குடும்பப் பேச்சா என்று யோசிப்பார். 'எதிர்ல நீங்க இருந்ததால பயமே தெரியலை' என்பது மற்ற விண்ணப்பதாரர்களுக்கு இல்லாத ஒரு வசதி தனக்கு இருந்தது என்று தானே எழுதிக் கொடுப்பது. 'குடும்பமே கடமைப்பட்டிருக்கும்' என்ற வரி வேலையைத் தகுதிக்குக் கிடைத்த ஒன்றாகக் காட்டாமல், ஒருவர் செய்த உபகாரமாக மாற்றிவிடுகிறது. எல்லாவற்றிலும் மோசமானது 'பார்த்துக்கங்க'. அவளைப் பொறுத்தவரை அது பணிவான ஒரு சொல். படிப்பவருக்கு அது சிபாரிசு கேட்கும் சொல். இந்தச் செய்தி வந்த பிறகு மேலாளர் அவளைத் தகுதிக்காகவே தேர்ந்தெடுத்தாலும், அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன் என்று அவரால் உறுதியோடு சொல்ல முடியாமல் போகும். நல்லெண்ணத்தோடு எழுதிய இந்தச் செய்தியால் நஷ்டம் முதலில் அவருக்குத்தான்.

நல்லவேளையாக அவள் அதை அனுப்பவில்லை. இரவு 7 மணிக்கு, வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, மேலாளரின் அலுவலக முகவரிக்கு எழுதிய மின்னஞ்சல் இது:

'சப்ஜெக்ட்: துணை மேலாளர், கொள்முதல் – இன்றைய நேர்காணலுக்கு நன்றி

வணக்கம் சார்,

துணை மேலாளர் பணிக்கான நேர்காணலுக்கு இன்று நேரம் ஒதுக்கியதற்கு உங்களுக்கும் குழுவினருக்கும் நன்றி.

பம்பு பாடி வார்ப்புகளுக்கு ஒரே பவுண்டரியை நம்பியிருப்பதில் உள்ள சிரமத்தைச் சொன்னீர்கள். என் இப்போதைய பணியில் ஆர்டரை இரண்டு சப்ளையர்களுக்கு 60:40 என்று பிரித்ததைப் பற்றிச் சொன்னபோது ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டாவது சப்ளையரின் மாதிரிகளுக்குத் தரப் பிரிவின் ஒப்புதல் கிடைக்க 7 வாரங்கள் ஆயின. கோடை சீசனுக்கு முன்னால் இரண்டாவது பவுண்டரியைக் கொண்டுவருவதானால் அந்த அவகாசத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும்.

பணியின் தன்மையை விரிவாகத் தெரிந்துகொண்ட பிறகு என் ஆர்வம் கூடியிருக்கிறது. மேலும் ஏதேனும் விவரம் தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,' கீழே முழுப் பெயரும் கைபேசி எண்ணும்.

கைபேசித் திரையில் ஒரே பார்வையில் படித்துவிடக் கூடிய அளவு. இதன் உயிர் நடுப்பத்தியில் இருக்கிறது. நன்றி சொல்லும் வரியையும் ஆர்வம் சொல்லும் வரியையும் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். நடுப்பத்தியை அந்த அறையில் உட்கார்ந்து, அந்த வேலையைச் செய்து பார்த்தவர் மட்டுமே எழுத முடியும். தெரிந்தவருக்கு எழுதும்போது இந்தப் பத்திக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. 'ஏன் இந்தப் பெண்?' என்று யாராவது கேட்டால் மேலாளர் எடுத்துக் காட்ட ஒரு காரணம் அவர் கையில் இருக்கிறது. 60:40 என்ற விகிதமும் 7 வாரமும் இருக்கின்றனவே தவிர, சப்ளையர்களின் பெயரோ விலையோ இல்லை என்பதையும் கவனிக்கலாம். இப்போதைய நிறுவனத்தின் உள் விவரங்களை வெளியே கொட்டுகிறவர், நாளை இங்கத்திய விவரங்களையும் அப்படித்தான் கொட்டுவார் என்று எந்தக் கொள்முதல் மேலாளருக்கும் தோன்றும்.

45 நாள் பற்றிய திருத்தம் இந்த மடலில் இல்லை. அது மறந்துபோனதல்ல. கேள்வியைக் கேட்டவர் கணக்குப் பிரிவுக்காரர். தவறான விடைக்கான திருத்தத்தைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுத்தால், எவ்வளவு நாகரிகமாக எழுதினாலும் அது 'பார்த்துக்கங்க' என்ற பழைய வரியின் இன்னொரு வடிவம்தான். அவள் கணக்குப் பிரிவுக்காரருக்குத் தனியாக எழுதினாள். நேரம் ஒதுக்கியதற்கு ஒரு வரி நன்றி, அதன் கீழ் இரண்டு வரி: 'சிறு நிறுவனங்களுக்கான பணக்கெடு பற்றிய என் விடை முழுமையானதல்ல. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள் என்பதே சரி.' மன்னிப்போ, பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்ற சமாதானமோ சேர்க்கவில்லை. அவருடைய முகவரி கிடைக்காமல் போயிருந்தால், இதே வரிகளை அவருக்குச் சேர்ப்பிக்கும்படி மனிதவளப் பிரிவுக்கு அனுப்பியிருக்கலாம்.

குழுவில் மூன்று பேர் இருந்தால் மூவருக்கும் நன்றி போக வேண்டும் என்பது பொதுவான நாகரிகம். தெரிந்தவர் ஒருவர் அதில் இருக்கும்போது அது தவிர்க்கவே முடியாததாகிவிடுகிறது. அவருக்கு மட்டும் மடல் போய், மற்ற இருவருக்கும் போகவில்லை என்பது ஒரு தேநீர் இடைவேளையில் தெரிந்துவிடும். மூன்று மடல்களும் ஒரே நகலாக இருந்தால் அதுவும் அதே இடைவேளையில் தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் அவர் பேசியதிலிருந்து ஒரு வரி போதும். மனிதவளப் பிரிவு அலுவலருக்கு, ஏற்பாடுகளுக்கான நன்றியும், அவர் கேட்டிருந்த சம்பளச் சான்று இணைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவலும் இருந்தால் நிறைவு. தெரிந்தவருக்குப் போகும் மடல் மற்ற இரண்டையும்விட நீளமாகவோ நெருக்கமாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படி விளிப்பது என்ற கேள்விக்கு நேர்காணல் அறையே விடை தருகிறது. அங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ அதையே மடலிலும் எழுதலாம். அறையில் 'சார்' என்றால் மடலிலும் 'சார்'. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இத்தகைய மடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிகள் மிஸ்டர் என்பதற்குப் பின் குடும்பப் பெயரைப் போடச் சொல்கின்றன. அதை அப்படியே பின்பற்றினால் இன்ஷியலையோ மேலாளருடைய அப்பாவின் பெயரையோ விளித்ததாக முடியும். பெயர் எழுதுவதானால் அவருடைய சொந்தப் பெயரையே எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெறும் 'சார்', 'மேடம்' போதும். எந்த மொழியில் எழுதினாலும் நடுப்பத்தியின் சரக்கு ஒன்றுதான்.

அறையில் மேலாளரே பழக்கத்தை எடுத்துவிடுவதும் உண்டு. 'அப்பா எப்படி இருக்காரு? கால்வலி பரவாயில்லையா?' என்று மற்ற இருவர் முன்னிலையில் அவர் கேட்டால் 'நல்லா இருக்காங்க சார்' என்று இயல்பாகப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர் கேட்டார் என்பதற்காக மடலில் அப்பாவின் கால்வலி வர வேண்டியதில்லை. வேலை காலியாக இருக்கும் தகவலே அவர் வழியாக வந்திருந்தால் சற்று யோசிக்க வேண்டும். நிறுவனத்தின் முறையான ரெஃபரல் ஏற்பாட்டில் அவர் பெயரைப் பதிந்து அனுப்பியிருந்தால், அந்த உண்மை ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. அதற்கு ஒரு சொற்றொடரில் நன்றி சொல்வதில் பிழையில்லை. வீட்டுத் திண்ணையில் பேச்சோடு பேச்சாகச் சொன்ன தகவல் என்றால், அதற்கான நன்றியை முடிவு வந்த பிறகு நேரில் சொல்வதே உத்தமம்.

மின்னஞ்சல்தான் வேண்டுமா, வாட்ஸ்அப் ஆகாதா என்று கேட்கலாம். அந்நிய மேலாளர் ஒருவர் தானே வாட்ஸ்அப்பில் நேர்காணல் நேரத்தைச் சொல்லியிருந்தால் அங்கே நன்றி சொல்வதில் தடையில்லை. தெரிந்தவரிடம் அது சரிப்படாது. அவருடைய கைபேசியில் அந்த உரையாடலை மேலே தள்ளினால் பொங்கல் வாழ்த்தும், அக்கா கல்யாணப் பத்திரிகையும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்ட செய்தியும் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் போய் உட்காரும் எந்த வாக்கியமும் குடும்பச் செய்தியாகத்தான் படிக்கப்படும். நீல நிற டிக் விழுந்து பதில் வராவிட்டால் இரண்டு பக்கமும் சங்கடம் வேறு. அலுவலக முகவரிக்குப் போகும் மின்னஞ்சலில் இந்தப் பழைய சுமை எதுவும் இல்லை. முகவரி தெரியாவிட்டால் மனிதவளப் பிரிவிடம் கேட்கலாம், அல்லது அவர்களுக்கே அனுப்பி மேலாளரிடம் சேர்க்கச் சொல்லலாம். அவருடைய சொந்த ஜிமெயில் முகவரி கையில் இருந்தாலும் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை அன்று மாலை அல்லது மறுநாள் காலை. ஒரு நாளைக்கு மேல் தள்ளிப்போனால் நடுப்பத்திக்குரிய நினைவு மங்கிவிடும், சில இடங்களில் குழு மதிப்பெண்ணும் போட்டு முடித்திருக்கும்.

விண்ணப்பதாரர் எவ்வளவு கவனமாக எழுதினாலும், அதை ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடக் கூடியது அப்பாவின் தொலைபேசி அழைப்பு. 'பொண்ணு வந்துட்டுப் போனாளாமே, எப்படிப் பண்ணா?' என்று சாயங்காலம் ஒரு அப்பா கேட்பது இயற்கை. பதில் சொல்ல வேண்டியவர் நிலைதான் பாவம். நன்றாகச் செய்தாள் என்றால் வாக்குக் கொடுத்தது போலாகும், இன்னும் முடிவாகவில்லை என்றால் நண்பரிடம் மழுப்பியது போலாகும். ஒரு கூடை பழத்தோடு வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் சிக்கல். முடிவு நிலுவையில் இருக்கும்போது கொடுக்கும் இனிப்புப் பெட்டியைப் பல நிறுவனங்களின் பரிசு விதிகள் சும்மா விடாது. ஆகவே மடலை அனுப்புவதற்கு முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். 'வேணாம்பா, ரிசல்ட் வர்ற வரைக்கும் நீங்க போன் பண்ணாதீங்க. அவருக்குத்தான் சங்கடம்' என்று, நண்பரின் பெயரைச் சொல்லித் தடுத்தால் பெரும்பாலான அப்பாக்கள் கேட்டுக்கொள்வார்கள். மகளின் பெயரைச் சொல்லித் தடுத்தால் கேட்கமாட்டார்கள். உரிய நேரத்தில் ஒழுங்கான நன்றி மடல் போய்விட்டது என்று தெரிந்தால், 'நாமளாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா' என்ற பெரியவர்களின் உறுத்தலும் அடங்கும்.

இவ்வளவும் தனியார் நிறுவனங்களுக்கு. அரசுப் பணி, பொதுத்துறை வங்கி, பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றின் நேர்காணலில் குழு உறுப்பினர் தெரிந்தவராக இருந்தால் நன்றி மடலே அனுப்பக் கூடாது. எந்த வடிவில் ஆதரவு திரட்ட முயன்றாலும் விண்ணப்பதாரர் தகுதி இழப்பார் என்ற வரி அந்த ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் வழக்கமாக இடம்பெறும். நன்றி மட்டும்தான் சொன்னேன் என்று பிறகு நிரூபிப்பது எளிதல்ல. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணியிடங்கள் பலவற்றுக்கு நேர்காணலையே நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில், அங்கே சிபாரிசுக்கு இடமிருக்கிறது என்பதும் ஒன்று. அந்தச் சந்தேகம் இன்னும் விலகாத இடத்தில் மௌனமே முறை.

மடலுக்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம். தெரிந்தவர் பெரும்பாலும் 'நன்றி, மனிதவளப் பிரிவு தொடர்புகொள்வார்கள்' என்று ஒரு வரி எழுதுவார். அந்த வறட்சியைப் பார்த்து மாமாவுக்குக் கோபமோ என்று கலங்க வேண்டியதில்லை, அவரும் அதே முறையைக் கடைப்பிடிக்கிறார். சிலர் அலுவலக மடலுக்கு வாட்ஸ்அப்பில் 'நல்லா பண்ணேம்மா' என்று பதில் போடுவார்கள். 'நன்றி சார்' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டால், அவர் திறந்த கதவை மரியாதை குறையாமல் சாத்தியது போலாகும். அங்கே 'எப்ப சொல்வாங்க சார்?' என்று ஒரு கேள்வியைத் தொடுத்தால் மின்னஞ்சலில் காத்த முறை அத்தனையும் வீண்.

முடிவு எப்போது வரும் என்று கேட்பதற்குரிய இடம் மனிதவளப் பிரிவு. 10 நாளில் சொல்வதாக அவர்கள் சொல்லியிருந்தால், அந்தக் கெடு முடிந்து ஓரிரு வேலைநாள் கழித்து அவர்களுக்கு ஒரு மடல் போடலாம். இடையில் முகூர்த்த நாள் வந்து, கல்யாண மண்டபத்தில் மேலாளரே எதிர்ப்படுவார். அங்கே அவர் மாமாதான். வணக்கம் சொல்லி, அத்தையை விசாரித்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வேலைப் பேச்சை அவரே எடுத்தால் ஒழிய அதைத் தொடக் கூடாது. எடுத்தாலும், மண்டபத்தில் கேட்ட எதையும் வெளியில் சொல்லாமல், ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை எதுவும் முடிவாகவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை கிடைத்தால் ஏற்புக் கடிதம் மனிதவளப் பிரிவுக்குப் போகும், மேலாளருக்கு அலுவலக முகவரியில் ஒரு வரி நன்றி போகும். அப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு போவது அதற்குப் பிறகு அவருடைய விருப்பம், அதுவும் நிறுவனத்தின் பரிசு விதிகள் இடம் கொடுத்தால். கிடைக்காவிட்டால் எழுத வேண்டிய மடல்தான் கடினம். தெரிந்தவர் வேலை தரவில்லை என்ற மனத்தாங்கல் இரண்டு வீடுகளுக்கும் நடுவே வந்துவிடக் கூடாது. நிராகரிப்புத் தகவல் வந்த ஓரிரு நாளில் மேலாளரின் அலுவலக முகவரிக்கு மூன்று வரி போதும்: 'முடிவு குறித்த தகவல் கிடைத்தது. வாய்ப்பளித்ததற்கு நன்றி. நேர்காணலில் நடந்த உரையாடலிலிருந்து வார்ப்புக் கொள்முதல் பற்றித் தெரிந்துகொண்டது எனக்குப் பயனுள்ளதாக இருக்கும்.' ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வியை அதில் சேர்க்கக் கூடாது. காரணம் தெரிய வேண்டுமானால் மனிதவளப் பிரிவிடம் கேட்கலாம். நண்பரின் மகளுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, அடுத்த விசேஷத்தில் அந்த நண்பரை எப்படிப் பார்ப்பது என்று மேலாளர் தயங்கிக்கொண்டிருப்பார். இந்த மூன்று வரி அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிடும்.